‘கட்டுப்படுத்தப்படும்’ என்று எழுதிவிட்டால் போதுமா?

பத்து மதிப்பெண் கேள்வி. “பாட்டுக் கேட்டுக்கொண்டே படிப்பது நினைவாற்றலைப் பாதிக்கிறதா என்பதை அறிய ஒரு சோதனையை வடிவமைக்கவும்.” உளவியல் விடைத்தாள் திருத்துகிற எல்லோர் கையிலும் ஒருமுறையாவது வந்து போயிருக்கும். ஒரு கட்டின் நடுவில் இருந்த விடைக்கு நான் எட்டு போட்டேன். அதே தாளை இரண்டாவதாகத் திருத்திய மூத்த ஆசிரியர் நாலரை போட்டிருந்தார். இவ்வளவு இடைவெளி வந்தால் இருவரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். பேசினோம். அன்றோடு நான் திருத்தும் விதம் மாறிப்போனது.

முதலில் அந்த விடை என்ன சொன்னது என்று பார்ப்போம். சாரா மாறி: பாட்டு. சார்ந்த மாறி: நினைவாற்றல், அதாவது சரியாக எழுதிய சொற்களின் எண்ணிக்கை. மாதிரி: சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த 40 கல்லூரி மாணவர்கள். காலை வகுப்பு மாணவர்கள் 20 பேர் சோதனைக் குழு. ஹெட்போனில் பாட்டுக் கேட்டபடி, திரையில் ஒவ்வொன்றாக வரும் 20 சொற்களைப் பார்ப்பார்கள், ஒரு சொல்லுக்கு 3 நொடி. மதிய வகுப்பு மாணவர்கள் 20 பேர் கட்டுப்பாட்டுக் குழு. அதே சொற்களை அமைதியாகப் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் நினைவில் உள்ளதை எழுதுவார்கள். கடைசியில் ஒரு வரி: “வயது, பாலினம், நுண்ணறிவு, மனநிலை, வெளிச்சம், இரைச்சல் முதலிய புற மாறிகள் கட்டுப்படுத்தப்படும்.”

எல்லாத் தலைப்பும் இருக்கிறது. கையெழுத்தும் அழகு. சார்ந்த மாறியை எப்படி அளப்பது என்றுகூட எழுதியிருந்தது, பாதிப் பேர் அதை எழுதுவதே இல்லை. மாறி இருக்கா, இருக்கு. கட்டுப்பாட்டுக் குழு இருக்கா, இருக்கு. மாதிரி, புற மாறி, எல்லாம் டிக். எட்டு.

மூத்தவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். “நீங்க தலைப்பைத் திருத்தியிருக்கீங்க. சோதனையைத் திருத்தல” என்றார். அப்புறம் ஒரு வெள்ளைத் தாளில் நடுவே கோடு போட்டார். “இடது பக்கம் பாட்டுக் குழுவுல ஒரு ஆள். வலது பக்கம் அமைதிக் குழுவுல ஒரு ஆள். ரெண்டு பேரும் உள்ளே வர்றதுலேர்ந்து வெளியே போற வரைக்கும் என்ன நடக்குதுன்னு எழுதுங்க. விடையில என்ன இருக்கோ அதை மட்டும் வெச்சு எழுதணும்.”

எழுதினேன். வந்தது இதுதான்:

| கட்டம் | பாட்டுக் குழு | அமைதிக் குழு |
|---|---|---|
| வரும் நேரம் | காலை | மதியம் |
| காதில் | ஹெட்போன், பாட்டு | ஒன்றுமில்லை |
| சொற்கள் | 20, தலா 3 நொடி | 20, தலா 3 நொடி |
| முடிந்தவுடன் | ஹெட்போனைக் கழற்ற வேண்டும் | உடனே எழுதலாம் |
| எழுதும்போது | பாட்டு நின்றுவிட்டது | முன்பு இருந்த அதே அமைதி |

“பாட்டைத் தவிர எத்தனை வரிசையில ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்கு?” என்று கேட்டார். எண்ணிப் பார்த்தால் நான்கு: நேரம், காதில் ஏதோ மாட்டியிருப்பது, கழற்றும் இடைவெளி, எழுதும் சூழல். சோதனை முடிவில் அமைதிக் குழு இரண்டு சொல் அதிகமாக எழுதினால், அது பாட்டால் வந்த வித்தியாசமா, இந்த நான்கில் ஒன்றால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. குழப்பும் மாறி என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். அது எங்கோ வெளியிலிருந்து வருவதில்லை. சோதனையை வடிவமைத்தவரே தெரியாமல் உள்ளே வைத்துத் தைத்துவிடுவது.

நான்கில் ஒன்று மட்டும் எளிதாகக் கண்ணில் படும், காலையும் மதியமும். மற்ற மூன்றையும் கட்டம் போடாமல் நான் பார்த்திருக்க மாட்டேன்.

ஹெட்போனைக் கழற்றும் இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றி, வைத்து, பேனாவை எடுக்கச் சில நொடிகள் போகும். அற்பமாகத் தோன்றும். ஆனால் சொற்பட்டியல் சோதனையில் கடைசியாகக் கேட்ட அல்லது பார்த்த சில சொற்கள் உடனே எழுதினால்தான் நன்றாக வரும். 1966-இல் கிளான்சரும் குனிட்ஸும் இதைக் காட்டினார்கள். பட்டியல் முடிந்ததும் 30 நொடி எண்களை எண்ண வைத்தால் கடைசிச் சொற்களுக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை காணாமல் போய்விடுகிறது, பட்டியலின் தொடக்கச் சொற்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே ஒரு குழு உடனே எழுத, இன்னொரு குழு ஹெட்போன் வயரோடு மல்லுக்கட்டினால் வித்தியாசம் வரலாம். அதைப் பாட்டின் தலையில் கட்டுவது நியாயமில்லை. சரிசெய்வது சுலபம். இரு குழுவுக்கும் சொற்கள் முடிந்ததும் ஒரே அளவு நேரம், ஒரே வேலை கொடுக்க வேண்டும். “எல்லோரும் 30 நொடி ஒரு எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்து எண்ணுவார்கள்” என்று ஒரு வரி போதும்.

எழுதும் சூழல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பாட்டுக் குழு பாட்டோடு படித்து அமைதியில் எழுதுகிறது. அமைதிக் குழு அமைதியில் படித்து அமைதியிலேயே எழுதுகிறது. ஒரு குழுவுக்குச் சூழல் மாறுகிறது, இன்னொன்றுக்கு மாறவில்லை. பாட்டின் விளைவும் சூழல் மாற்றத்தின் விளைவும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன.

இந்த இடத்தில் மூத்தவர் 1975-இல் காடனும் பேட்லியும் முக்குளிப்பவர்களை வைத்துச் செய்த சோதனையை எடுத்தார். பாடநூலில் எல்லோரும் படித்ததுதான், ஆனால் விடை திருத்த அது உதவும் என்று எனக்குத் தோன்றியதில்லை. 36 சொற்களைச் சிலமுறை கரையிலும் சிலமுறை நீருக்கடியிலும் கற்க வைத்து, இரண்டு இடங்களிலும் நினைவுகூர வைத்தார்கள். கரையில் கற்றுக் கரையில் எழுதியபோது சராசரி 13.5 சொற்கள். நீரில் கற்று நீரில் எழுதியபோது 11.4. நீரில் கற்றுக் கரையில் எழுதியபோது 8.4. கரையில் கற்று நீரில் எழுதியபோது 8.6.

“இப்போ நம்ம மாணவர் இந்தச் சோதனையைச் செஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்று கேட்டார். நம் மாணவரின் வடிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் உண்டு. நீரில் கற்றுக் கரையில் எழுதியவை, கரையில் கற்றுக் கரையில் எழுதியவை. 8.4-ம் 13.5-ம். ஐந்து சொல் வித்தியாசம். “நீருக்கடியில் கற்றால் நினைவு படுமோசமாகிறது” என்று முடிவுரை எழுதிவிடுவார். ஆனால் சூழல் மாறாத இரண்டை ஒப்பிட்டால் 11.4-ம் 13.5-ம், வித்தியாசம் இரண்டே சொச்சம். மீதி இடம் மாறியதால் வந்தது. நான்கு கட்டமும் இருந்ததால்தான் இதைப் பிரிக்க முடிந்தது.

இதே சோதனையைத் திரும்பச் செய்து 2021-இல் வெளியிட்டபோது அந்தச் சூழல் விளைவு மறுபடி கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே “சூழல் மாறினால் நினைவு குறையும்” என்பதைக் கல்லில் எழுதிய உண்மையாக நான் மாணவர்களிடம் சொல்வதில்லை. ஆனால் விடை திருத்தும்போது அது எனக்கு ஒரு பொருட்டில்லை. விளைவு இருக்கிறதோ இல்லையோ, இரண்டு கட்டம் மட்டும் உள்ள வடிவம் அதைப் பிரித்துக் காட்டாது. படிக்கும்போது பாட்டு, எழுதும்போது பாட்டு, இரண்டிலும் பாட்டு, இரண்டிலும் அமைதி என்று நான்கு குழு வைத்தால் காட்டும். பத்து மதிப்பெண் விடையில் நான்கு குழுவை நான் எதிர்பார்க்க மாட்டேன். ஆனால் “எழுதும்போது பாட்டு இல்லாததே வித்தியாசத்துக்குக் காரணமாகலாம்” என்று ஒரு வரி எழுதியிருந்தால், இந்த மாணவருக்குச் சோதனை என்றால் என்னவென்று புரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது கட்டுப்பாட்டுக் குழு. “ஒன்றும் செய்யாத குழு” என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். மொசார்ட் இசை கேட்டால் புத்தி கூடும் என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்தால் இதன் ஆபத்து புரியும். 1993-இல் ரௌஷரும் உடன் ஆய்வாளர்களும் 36 கல்லூரி மாணவர்களிடம் 10 நிமிடம் மொசார்ட் சொனாட்டா, 10 நிமிடம் தளர்வுப் பயிற்சி ஒலிப்பதிவு, 10 நிமிடம் அமைதி என மூன்றையும் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் பிறகு இடஞ்சார் திறன் சோதனை வைத்தார்கள். மொசார்ட்டுக்குப் பிறகு மதிப்பெண் கூடியது. அந்த விளைவு நிலைத்தது கால் மணி நேரத்துக்குள்தான். கட்டுப்பாட்டு நிலை ஒன்றுக்கு இரண்டாகவே இருந்தது. ஆனால் இரண்டுமே சோம்பலாக்குகிற நிலைகள். பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தவரும், தளர்ந்து கிடக்கச் சொல்லப்பட்டவரும், துள்ளலான இசை கேட்டவரோடு ஒப்பிடப்படுகிறார்கள். கூடியது இசையாலா, விழிப்பும் உற்சாகமும் கூடியதாலா? 1999-இல் நான்டைஸும் ஷெல்லன்பெர்க்கும் அமைதிக்குப் பதில் ஒரு கதை ஒலிப்பதிவைக் கேட்க வைத்தார்கள். இசையின் மேலதிகப் பலன் மறைந்தது. கதையை விரும்பியவர்கள் கதைக்குப் பிறகு நன்றாகச் செய்தார்கள், இசையை விரும்பியவர்கள் இசைக்குப் பிறகு.

ஆகவே கட்டுப்பாட்டுக் குழுவைப் பார்க்கும்போது இப்போது நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் குழுவுக்கும் அந்தக் குழுவுக்கும் இடையே பாட்டு என்ற ஒரே ஒரு பொருள்தான் குறைகிறதா, இல்லை ஒரு கூடை நிறைய சாமான் குறைகிறதா? நம் மாணவரின் விடையில் ஹெட்போனும் சேர்ந்து குறைகிறது. ஹெட்போன் போட்டால் வெளிச்சத்தமும் அடங்கும், ஏதோ சோதனை நடக்கிறது என்ற உணர்வும் கூடும். அமைதிக் குழுவுக்கும் ஒலியில்லாத ஹெட்போனை மாட்டிவிட்டால் அந்த வரிசை சமமாகிவிடும். பாட்டு என்றால் எந்தப் பாட்டு என்பதும் இங்கேயே வரும். வரிகள் உள்ள பாட்டும் வெறும் வாத்திய இசையும் ஒன்றல்ல. சொற்களை மனத்தில் வைக்க முயலும்போது காதில் வேறு சொற்கள் விழுவது தனித் தொல்லை. 1989-இல் சலாமேயும் பேட்லியும் குறுகிய கால நினைவை வாத்திய இசையைவிடக் குரல் பாட்டு அதிகம் குலைப்பதைக் கண்டார்கள். “சாரா மாறி: பாட்டு” என்று நிறுத்தினால் அரை மதிப்பெண்தான்.

மாதிரியில்தான் நான் ஏமாந்தது. ‘சமவாய்ப்பு முறையில்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பேனா தானாக டிக் போட்டுவிட்டது. ஆனால் சமவாய்ப்பு இரண்டு இடத்தில் வரலாம். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும்போது. முதலாவது, முடிவை யாருக்குப் பொருத்தலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவதுதான் இரு குழுவும் தொடக்கத்தில் ஒத்திருப்பதற்கு உத்தரவாதம். நம் மாணவர் முதலாவதைச் செய்துவிட்டு, பிரிக்கும்போது காலை வகுப்பை இங்கேயும் மதிய வகுப்பை அங்கேயும் அப்படியே தூக்கி வைத்துவிட்டார். வகுப்பு வேறு, நேரம் வேறு, பாடம் நடத்துகிறவர்கூட வேறாக இருக்கலாம். 40 பேரின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் பிரித்து, இரு குழுவையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தால் கட்டத்தின் முதல் வரிசை அதோடு சரியாகியிருக்கும்.

எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. குழுவுக்கு 20 பேர் என்பது விடைத்தாள்களில் ஏறக்குறைய வேதவாக்கு. இரு குழுவின் சராசரிகளுக்கு நடுவே உண்மையிலேயே அரைத் திட்டவிலக்கம் அளவு வித்தியாசம் இருந்தாலும், 20 பேர் வீதம் வைத்தால் வழக்கமான 0.05 மட்டத்தில் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். 80 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் குழுவுக்கு 64 பேர் தேவை. தேர்வறையில் இதைக் கணக்கிட்டுக் காட்டு என்று யாரையும் நான் கேட்பதில்லை. ஆனால் “வித்தியாசம் வராவிட்டால் பாட்டு பாதிக்கவில்லை என்று நிரூபணமாகும்” என்று 40 பேரை வைத்துக்கொண்டு எழுதினால் குறைப்பேன்.

எல்லாம் சரி, அந்தக் கடைசி வரி? நுண்ணறிவு, மனநிலை முதலியவை ‘கட்டுப்படுத்தப்படும்’. எப்படி? ஒரு சொல் இல்லை. இப்போதெல்லாம் அந்த வினைச்சொல்லைப் பார்த்தாலே அடிக்கோடிட்டு ‘எப்படி?’ என்று எழுதிவிடுவேன். மனநிலையை எப்படிக் கட்டுப்படுத்துவது, எல்லோரையும் சிரிக்க வைத்தா? பெயர்ப் பட்டியலுக்கு மதிப்பெண் கிடையாது. ஒரே ஒரு மாறியை எடுத்து, அது எப்படி ஒரு குழுவின் பக்கம் சாயக்கூடும், அதை எப்படித் தடுப்போம் என்று எழுதினால் உண்டு. மூத்தவரோடு பேசி முடித்து நாங்கள் இருவரும் ஒப்புக்கொண்ட மதிப்பெண் ஐந்து.

அதற்கடுத்த சில வாரங்கள் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சித் தாள்களின் ஓரமெல்லாம் சிவப்பு மை. ‘தூக்கம்?’ ‘பசி?’ ‘நுண்ணறிவு?’ ‘கண்பார்வை?’ ஒரு மாணவி தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் விடையில் குலுக்கல் முறையில் பிரித்ததைத் தெளிவாக எழுதியிருந்தாள். நான் அதைத் தாண்டிப் போய், தூக்கத்தைக் கவனிக்கவில்லை என்று ஒரு மதிப்பெண் குறைத்திருந்தேன்.

“மேடம், தூங்காதவங்க ரெண்டு குழுவுலயும்தானே இருப்பாங்க? அவங்க எல்லாரும் பாட்டுக் குழுவுக்கே போனாத்தானே தப்பு?”

சொன்னது சரி. ஆளுக்கு ஆள் மாறுகிற எதுவும் குழப்பும் மாறி ஆகிவிடாது. குழுவோடு சேர்ந்து மாறினால்தான் ஆகும். தூக்கம் குறைந்தவர்கள் இரு பக்கமும் சிதறிக் கிடந்தால் மதிப்பெண்கள் மேலும் கீழுமாகப் பரவும், வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினமாகும், அவ்வளவுதான். முடிவு ஒரு பக்கமாகச் சாயாது. சின்ன மாதிரியில் குலுக்கலே தற்செயலாக ஒரு பக்கம் சாய வாய்ப்புண்டு என்பது வேறு விஷயம், அதற்கு மருந்து ஆட்களைக் கூட்டுவது. அதேபோல் எல்லோரும் கல்லூரி மாணவர்கள் என்பதும் குழப்பும் மாறி இல்லை. முடிவை முதியவர்களுக்கோ சிறுவர்களுக்கோ பொருத்த முடியாது என்பதுதான் அதன் பொருள். குறைத்த மதிப்பெண்ணைத் திரும்பப் போட்டேன். இப்போது ஓரத்தில் எதையாவது எழுதும் முன், இது கட்டத்தில் ஒரு வரிசையாக வருமா, வந்தால் இடமும் வலமும் வேறாக இருக்குமா என்று பார்த்துக்கொள்கிறேன். இல்லையென்றால் பேனாவை மூடிவிடுவேன்.

அந்த முதல் விடையைத் தேர்வு எண்ணில்லாமல் வகுப்பில் கொடுத்து, எல்லோரையும் திருத்தி எழுதச் சொன்னேன். அந்த மாணவி எழுதியது இப்படி இருந்தது. 128 பேர், சீட்டுக் குலுக்கி இரு குழு, ஒரே நேரம், ஒரே மாதிரி அறைகள். இரு குழுவுக்கும் ஹெட்போன். ஒன்றில் வரிகள் உள்ள ஒரே பாட்டு, மற்றதில் ஒலியில்லை. சொற்கள் முடிந்ததும் எல்லோருக்கும் 30 நொடி எண்ணும் வேலை, பிறகு ஹெட்போன் இல்லாமல் எழுதுவது. விடைகளை எண்ணுகிறவருக்கு எந்தத் தாள் எந்தக் குழுவுடையது என்று தெரியாது. கீழே இரண்டு வரி: “எழுதும்போது சூழல் ஒரு குழுவுக்கு மட்டும் மாறுகிறது, அதை இந்த வடிவம் பிரித்துக் காட்டாது. தன் காதில் பாட்டு ஒலிக்கிறதா இல்லையா என்பதைப் பங்கேற்பாளரிடமிருந்து மறைக்க வழியில்லை.”

அந்த இரண்டு வரிக்காகவே ஒன்பது போட்டேன். மூத்தவரிடம் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முழுதும் படித்தார்.

“பாட்டோட ஒலியளவு எவ்வளவுன்னு எழுதலையே” என்றார்.

எழுதவில்லைதான்.